கண்டதை எழுதுதல்: புலாவ் உபின் பற்றிய ஒரு பத்தியும் அதன் திருத்தமும்

பயணக் கட்டுரை என்னும் தலைப்பில் மாணவர் எழுதித் தரும் பக்கங்களில் ஒரு வகைத் தமிழ் மீண்டும் மீண்டும் வருவதை ஆசிரியர் யாவரும் அறிவர். அது பிழையற்ற தமிழ், சொல்வளமும் உடையது. ஆயினும், படித்து முடித்த பின் எழுதியவர் அவ்விடத்திற்குச் சென்றாரா இல்லையா என்பதை நம்மால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. சுற்றுலாக் கையேடுகளிலிருந்து வகுப்பறைக்கு வந்து சேர்ந்த அந்தப் புகழுரைத் தமிழைக் கண்டெழுதும் தமிழாக மாற்றுவது எவ்வாறு என்பதை, ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் இடம் புலாவ் உபின். சிங்கப்பூரின் வடகிழக்கே, ஜொகூர் நீரிணையில், ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புடைய தீவு அது. பள்ளிச் சுற்றுலாவாகவோ குடும்பத்தாரோடோ மாணவர் பலரும் சென்று வரும் இடமாதலால், எழுதியதை இடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிது.

1. முதற் பத்தி

கீழ்வரும் பத்தி எந்த ஒரு மாணவருடையதும் அன்று. இத்தகைய கட்டுரைகளில் வழக்கமாக வரும் தொடர்களைக் கொண்டு நாமே அமைத்தது.

“இயற்கை அன்னையின் மடியில் தவழும் எழில்மிகு தீவு புலாவ் உபின். நகரத்தின் பரபரப்பிலிருந்து விலகி, மனத்திற்கு அமைதி தரும் சொர்க்கபுரியாக அது திகழ்கிறது. மனிதக் கால் படாத அடர்ந்த காடுகளும், பளிங்கு போன்ற நீர் நிறைந்த ஏரிகளும் காண்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கின்றன. அரிய பறவைகளின் இன்னிசை காதில் தேனாய்ப் பாய்கிறது. காலம் உறைந்து நிற்கும் கம்பத்தில் வாழும் எளிய மக்களின் புன்னகை நம்மை வரவேற்கிறது. இத்தீவின் அழகை வருணிக்கச் சொற்களே இல்லை. வாழ்வில் ஒரு முறையேனும் அனைவரும் சென்று காண வேண்டிய இடம் இது.”

இப்பத்தியில் ஏழு வாக்கியங்கள் உள்ளன. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பலர் இதற்கு நல்ல மதிப்பெண்ணே வழங்குவர். எனவே இதில் உள்ள குறை எத்தகையது என்பதைச் சற்று நிதானமாகவே ஆராய வேண்டியுள்ளது.

2. பெயரை மாற்றிப் பார்த்தல்

முதலில் ஓர் எளிய சோதனை. பத்தியில் புலாவ் உபின் என்று உள்ள இடத்தில் லங்காவி என்றோ பங்கோர் என்றோ எழுதிப் பார்ப்போம். முதல் வாக்கியம் அப்படியே பொருந்துகிறது. இரண்டாவதும், நான்காவதும், ஆறாவதும், ஏழாவதும் பொருந்துகின்றன. தீவு என்னும் சொல்லை மட்டும் மாற்றினால் கேமரன் மலைக்கும் பொருந்திவிடும். எல்லா இடத்திற்கும் பொருந்தும் வாக்கியம் எந்த இடத்தையும் பற்றிப் பேசுவதில்லை. இவ்வைந்தும் வெற்று வாக்கியங்கள்.

எஞ்சியவை மூன்றாம் வாக்கியமும் ஐந்தாம் வாக்கியமும். காடு மனிதக் கால் படாதது, அங்கு ஏரிகள் உள்ளன, கம்பத்தில் காலம் உறைந்து நிற்கிறது என்று அவை உறுதியாகச் சில செய்திகளைக் கூறுகின்றன. உறுதியாகக் கூறுவதைச் சரிபார்க்க இயலும். சரிபார்த்தால் அவை மூன்றும் உண்மையல்ல என்று தெரியவரும். ஆக, புகழுரைத் தமிழில் இரு வகைக் குறைகள் உள்ளன. ஒன்று வெறுமை, மற்றொன்று பொய்மை. வெற்று வாக்கியத்தை நீக்கினால் போதும். பொய் வாக்கியத்தின் இடத்தில் உண்மையை வைத்தாக வேண்டும். திருத்துபவர் இவ்விரண்டையும் முதலில் பிரித்துக்கொள்வது நலம்.

இவ்விரு குறைகளுக்கும் வேர் ஒன்றே. அதை வினைமுற்றுகளில் காணலாம். திகழ்கிறது, கொள்ளை கொள்கின்றன, பாய்கிறது, வரவேற்கிறது என எல்லாம் நிகழ்காலத்தில் உள்ளன. இந்த நிகழ்காலத்திற்கு நாளும் இல்லை, பொழுதும் இல்லை. காண்போர் என்பவர் யார், நம்மை என்பது யாரை என்பதும் தெரியவில்லை. சுற்றுலாக் கையேட்டிற்கு இது பொருத்தமே. இனி வரப்போகிறவரை அழைப்பது அதன் வேலை. எவர் எந்த நாளில் வந்தாலும் பொருந்த வேண்டும் என்பதால் அது ஆளையும் நேரத்தையும் நீக்கிவிடுகிறது. சென்று வந்தவரின் வேலை வேறு. அவர் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் நின்றவர். அவருக்கு உரிய காலம் இறந்தகாலம். திகழ்கிறது என்பதைக் கண்டோம் என்று மாற்ற முயலும்போதே, எதைக் கண்டோம், எப்போது கண்டோம் என்னும் வினாக்கள் எழுந்துவிடுகின்றன. ஆகவே, திருத்தத்தின் முதற்படியாக நிகழ்கால வினைமுற்றுகளை இறந்தகாலத்திற்கு மாற்றச் சொல்வது வகுப்பறையில் நல்ல பயன் தரும்.

3. காடும் ஏரியும் அமைதியும்

இனி, பத்தி கூறும் செய்திகளை இடத்தோடு ஒப்பிடுவோம்.

மனிதக் கால் படாத காடு என்று பத்தி கூறுகிறது. உபினில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. தென்னையும் பழமரங்களும் பயிரிடப்பட்டன. அவை கைவிடப்பட்ட பின் வளர்ந்த காடே இன்று நாம் காணும் பெரும்பகுதி. இதை அறிய வரலாற்று நூல் வேண்டுவதில்லை. பாதையோரத்தில் நின்று பார்த்தாலே போதும். இயற்கையாக முளைக்கும் மரங்கள் வரிசையில் நிற்பதில்லை. ஒரே வகை மரம் சீரான இடைவெளியில் நின்றால் அதை நட்டவர் ஒருவர் இருந்தார் என்பது பொருள். அடிமரத்தில் சாய்வான பழைய தழும்புகள் இருந்தால் அது பால்மரம். மலேசியத் தோட்டங்களில் வளர்ந்த பெற்றோரையோ பாட்டன் பாட்டியரையோ உடைய மாணவர்க்கு இத்தழும்பைக் காட்டிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருப்பர். மனிதக் கால் படாத என்னும் தொடர் அழகுக்காகச் சேர்க்கப்பட்டது. ஆனால், அது ஒரு தலைமுறையின் உழைப்பை ஒரு சொல்லில் அழித்துவிடுகிறது.

அடுத்தது ஏரி. மலாய் மொழியில் புலாவ் என்பது தீவு. உபின் என்பது தரையில் பதிக்கும் கல்லைக் குறிக்கும். பெயரே அத்தீவின் தொழிலைச் சொல்கிறது. உபின் கருங்கல் தீவு. 1851ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திற்கு இங்கிருந்து கல் வெட்டி எடுக்கப்பட்டது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்திற்கும் உபின் கல் பயன்பட்டது. கல்லுடைக்கும் தொழில் 1999இல் முடிவுற்றது. வெட்டிய குழிகளில் நீர் தேங்கியது. கையேடுகள் ஏரி என்று கூறுபவை இக்குழிகளே. இவற்றையும் கண்ணால் வேறுபடுத்தி அறியலாம். ஏரிக்குச் சரிந்து இறங்கும் கரை இருக்கும். நீர் வந்து சேரும் ஓடையும் இருக்கும். கல்லுடைப்புக் குழிக்குக் கரை இல்லை, சுவர்தான் உண்டு. பாறை நீரிலிருந்து நேராக எழுந்து நிற்கும். சுற்றிலும் வேலி இடப்பட்டிருக்கும். வேலி ஏன் என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டால், ஏரி என்னும் சொல் அவர் கட்டுரையில் நிற்காது.

மூன்றாவது அமைதி. உபினில் நகரத்துப் போக்குவரத்தின் ஓசை இல்லை என்பது உண்மை. ஆனால், நீரிணைக்கு அப்பால் சாங்கி விமான நிலையம் உள்ளது. விமானங்கள் தாழப் பறந்து செல்கின்றன. படகுகளின் இயந்திர ஒலி கேட்கிறது. தேசிய மின்கட்டமைப்போடு இணைப்பு இல்லாமையால் வீடுகளும் கடைகளும் நெடுங்காலமாக டீசல் மின்னாக்கிகளை நம்பி வந்துள்ளன. காட்டுக்குள் சென்றால் சிள்வண்டுகளின் ஓசை பேச்சையே மறைக்கும். அமைதி என்று எழுதுவோர் பெரும்பாலும் காதால் கேட்டதை எழுதுவதில்லை. அங்கு அமைதி இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பையே எழுதுகின்றனர்.

4. குறிப்பெடுக்கும் முறை

மேசையில் அமர்ந்து சொற்களை மாற்றுவதால் மட்டும் இப்பத்தியைத் திருத்திவிட இயலாது. எழில்மிகு என்பதை நீக்கிவிட்டு அழகான என்று போடுவது திருத்தம் ஆகாது. இடத்தில் எடுத்த குறிப்பு வேண்டும். ஒவ்வொரு குறிப்பிலும் நேரம், நின்ற இடம், புலனுக்கு எட்டியது ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். புலனுக்கு எட்டாமல் ஊகித்தவையும், பிறர் சொல்லக் கேட்டவையும் தனியே எழுதப்பட வேண்டும். ஒரு சனிக்கிழமை உபினுக்குச் சென்றபோது நாம் எடுத்த குறிப்புகளில் சில இவை:

காலை 9.10, சாங்கி முனைப் படகுத்துறை. நம்மோடு சேர்த்து 7 பேர். படகு இல்லை என்பதன்று, ஆள் போதவில்லை.

10.05, பெக்கான் கல்லுடைப்புக் குழி, வேலியின் அருகே. பட்டமரங்களில் நாரைகள், 11 எண்ண முடிந்தது. குரல் கரகரப்பு.

11.40, செக் ஜாவா நடைபாலம். நீர் உயர்ந்திருந்தது. தரை தெரியவில்லை.

கேட்டது: கடைக்காரர் மாலையில் சாங்கிக்குத் திரும்பிவிடுகிறார்.

இக்குறிப்புகளில் அழகு ஒன்றும் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. பின்னர் எழுதும்போது இவையே எழுதுபவரைக் கட்டுப்படுத்தும் கயிறு.

5. திருத்திய கட்டுரை

“சாங்கி முனைப் படகுத்துறையில் நாங்கள் போய் அமர்ந்தபோது மணி 9.10. பம்போட் எனப்படும் மரப்படகு 12 பேர் சேர்ந்தால்தான் புறப்படும். எங்களோடு சேர்த்து 7 பேர் இருந்தோம். மற்ற ஐவர் வந்து சேர 25 நிமிடம் ஆயிற்று. கடலைக் கடக்கப் பத்து நிமிடத்திற்குச் சற்று மேல் ஆனது. பயணத்தைவிடக் காத்திருப்பே நீண்டது.

துறையிலிருந்து மேற்கே சிறிது தொலைவு நடந்து பெக்கான் கல்லுடைப்புக் குழியை அடைந்தோம். வேலிக்கு அப்பால் கரும்பச்சை நீர். எதிரே கரை இல்லை. பாறைச் சுவர் ஒன்று நீரிலிருந்து நேராக எழுந்தது. அதன் மேல் விளிம்பில் செடிகள் தொற்றிக்கொண்டிருந்தன. நீரில் நின்ற பட்டமரங்களில் சாம்பல் நிற நாரைகளை எண்ணினோம், பதினொன்று. அவற்றின் குரல் மரம் அறுக்கும் வாள் இழுபடுவது போல் இருந்தது. வேறு பறவை எதையும் நாங்கள் காணவில்லை.

செக் ஜாவாவிற்குச் செல்லும் வழியில், காட்டுக்குள் சில மரங்கள் வரிசையாக நின்றன. எங்களுடன் வந்த பெரியவர் ஒரு மரத்தின் தழும்பைத் தடவிப் பார்த்து, ‘பால்மரம். வெட்டி ரொம்ப காலம் ஆச்சு’ என்றார். ஜொகூரில் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். எங்களைக் கடந்து காட்டுப்பன்றி ஒன்று இரண்டு குட்டிகளோடு பாதையைக் குறுக்கே வெட்டிச் சென்றது. அது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செக் ஜாவாவில் நீர் உயர்ந்திருந்தது. நடைபாலத்தின் கீழே பழுப்பு நிறக் கடல் மட்டுமே தெரிந்தது. கடல் வற்றும்போதுதான் கடற்புல்லும் உடுமீன்களும் தெரியும் என்று எதிரே வந்த ஒருவர் சொன்னார். நாங்கள் அங்கு நின்ற அரைமணி நேரத்தில் நான்கு விமானங்கள் தலைக்கு மேல் சென்றன.

திரும்பும்போது துறையருகே ஒரு கடையில் இளநீர் குடித்தோம். கடைக்காரர் மின்னாக்கியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். இரவில் இங்கே தங்குவீர்களா என்று மலாயில் கேட்டோம். இல்லை, மாலைப் படகில் சாங்கிக்குப் போய்விடுவேன் என்றார். பக்கத்து வீட்டின் சன்னல்கள் பலகை அடித்து மூடப்பட்டிருந்தன. அங்கு யார் இருந்தார் என்று கேட்கவில்லை.”

6. மாறியது என்ன

முதற் பத்தியோடு ஒப்பிடுகையில், இதில் புகழ்ச்சி குறைந்துவிட்டது என்பதே எவர்க்கும் முதலில் தோன்றும். ஆனால் முக்கியமான மாற்றம் அதுவன்று. எந்த வாக்கியத்தைச் சுட்டி, இதை எழுதியவர் எங்கே நின்றார் என்று கேட்டாலும் இப்போது விடை கிடைக்கிறது. அதுவே மாற்றம்.

கண்டது, கேட்டது, ஊகித்தது ஆகிய மூன்றும் கலவாமல் நிற்பதையும் காணலாம். நாரைகள் கண்டவை. கடல் வற்றும்போது உடுமீன் தெரியும் என்பது கேட்டது. ஆகவே சொன்னவர் வாக்கியத்திலேயே இருக்கிறார். பால்மரம் என்பது தழும்பை அறிந்த ஒருவரின் தீர்ப்பு. அவர் அதை எவ்வாறு அறிந்தார் என்பதும் உடன் கூறப்பட்டது. இவ்வேறுபாட்டைக் காட்டத் தமிழில் நல்ல வசதி உண்டு. ‘இங்கே பள்ளி இருந்தது’ என்றால் எழுதியவரே பொறுப்பு. ‘இங்கே பள்ளி இருந்ததாம்’ என்றால் கேள்விச் செய்தி. ‘இங்கே பள்ளி இருந்தது போலும்’ என்றால் ஊகம். மாணவர் இம்மூன்றையும் பேச்சில் பிழையின்றி வழங்குகின்றனர். கட்டுரை எழுதத் தொடங்கியதும் ‘ஆம்’, ‘போலும்’ இரண்டையும் கைவிட்டு எல்லாவற்றையும் ‘இருந்தது’ என்றே எழுதிவிடுகின்றனர். அவற்றை மீட்டுக் கொடுப்பது மொழியாசிரியரின் வேலை.

காணாததும் பதிவாகியுள்ளது. செக் ஜாவாவில் கடற்புல்லைக் காணவில்லை. வேறு பறவை எதையும் காணவில்லை. உபினில் அரிய பறவைகள் உண்டு என்பது பொய்யன்று. சிங்கப்பூரில் நெடுங்காலம் காணப்படாதிருந்த இருவாச்சிப் பறவை 1994இல் உபினில்தான் மீண்டும் காணப்பட்டது. ஆனால், நாம் சென்ற நாளில் அது நம் கண்ணில் படவில்லை. படவில்லை என்று எழுதுவதால் தீவின் மதிப்புக் குறைவதில்லை. எழுத்தின் மதிப்பு உயர்கிறது.

உவமை ஒன்று உள்ளது: நாரையின் குரலுக்கு மரம் அறுக்கும் வாள். கண்டெழுதுவோர் உவமையை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. தேனாய்ப் பாயும் இன்னிசை என்னும் தொடர் நாரையைக் கேட்பதற்கு முன்பே எழுதுபவரின் கையில் இருந்தது. வாள் என்பது கேட்ட பின் தேடிக் கிடைத்தது. உவமையைச் சோதிக்க இந்த வரிசையை நினைவில் கொண்டால் போதும்.

கம்பத்து மக்களைப் பற்றிய வாக்கியம் சற்றுக் கூடுதலான கவனம் வேண்டியது. உபினில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். கல்லுடைப்புக் குறைந்து, இளையோர் வேலைக்கும் படிப்பிற்கும் பெருந்தீவுக்குச் சென்றபின், இன்று அங்கு வாழ்வோர் சிலரே. காலம் அங்கு உறைந்து நிற்கவில்லை. மற்ற இடங்களைவிட வேகமாகவே ஓடியிருக்கிறது. எளிய மக்களின் புன்னகை என்று எழுதும்போது ஒருவருடைய வீட்டையும் கடையையும் நம் பொழுதுபோக்கிற்கு உரிய காட்சியாக்கிவிடுகிறோம். மின்னாக்கியைப் பழுதுபார்த்தவர் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவரை அவ்வாறே எழுதியதில் மரியாதை உள்ளது.

7. திருத்தத்தில் நேரும் இரு தவறுகள்

புகழுரை கூடாது என்று கேட்டதும் சில மாணவர் குறை கூறத் தொடங்கிவிடுவர். “புலாவ் உபின் பெரும் ஏமாற்றமே அளித்தது. வெயில் கொளுத்தியது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை” என்று எழுதுவர். இதையும் பெயர் மாற்றிச் சோதித்தால் எல்லா ஊருக்கும் பொருந்தும். புகழ்ச்சியை இகழ்ச்சியாக்குவது உண்மையாக்குவது ஆகாது. 25 நிமிடம் காத்திருந்தோம் என்பது செய்தி. காத்திருந்து சலித்துப்போனோம் என்று மட்டும் எழுதுவது மனநிலை. செய்தி கொடுத்தால் சலிப்பைப் படிப்பவரே உணர்ந்துகொள்வார்.

மற்றொன்று இதைவிட ஆபத்தானது. நுணுக்கமான செய்திகள் மதிப்பெண் பெற்றுத் தரும் என்று அறிந்துகொண்ட மாணவர் அவற்றைப் புனையத் தொடங்குவார். பதினொரு நாரை என்பது அழகிய எண். வீட்டிலிருந்தபடியே அதை எழுதலாம். இதைக் கண்டறிய ஆசிரியர்க்கு ஒரு வழி உண்டு. உண்மையான செய்திக்கு அக்கம்பக்கம் இருக்கும். நாரைகள் இருந்த மரம் நீரில் நின்றதா கரையில் நின்றதா, வெயில் எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டால் கண்டவர் விடை கூறுவார், அல்லது கவனிக்கவில்லை என்று தயங்காமல் சொல்வார். புனைந்தவர் உடனே மேலும் அழகான ஒன்றைச் சொல்வார். மேலும், புனைந்த செய்தி எப்போதும் கட்டுரையின் போக்கிற்கு இசைந்தே இருக்கும். உண்மைக் குறிப்பில் இசையாதவை இருக்கும். அக்காட்டுப்பன்றி நம் கட்டுரையின் கருத்து எதற்கும் உதவவில்லை. பாதையைக் கடந்தது, ஆகவே இடம்பெற்றது.

குறிப்பு இல்லாத மாணவர் என் செய்வது? வாக்கியத்தை நீக்கிவிடுவதே வழி. ஏழு வாக்கியங்களில் இரண்டே எஞ்சினால் இரண்டையே வைத்துக்கொள்ளலாம். வெறுமையைப் புனைவால் நிரப்புவது முதற் பத்தியைவிடத் தாழ்ந்தது; முதற் பத்தி யாரையும் ஏமாற்றும் அளவுக்குத் திறமையானதன்று.

8. நம் மரபில் ஒரு சான்று

கண்டதை உள்ளவாறு எழுதுதல் வெளியிலிருந்து வந்த முறை என்றும், தமிழ் மரபு புகழ்ந்துரைக்கும் மரபு என்றும் சிலர் எண்ணக்கூடும். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இவ்வெண்ணத்தை மறுக்கிறது. கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்ற அந்நூல், நன்னன் என்னும் தலைவனிடம் பரிசில் பெற வழிகாட்டுவது. தலைவனையும் அவன் நாட்டையும் புகழ்வதே அதன் நோக்கம். ஆயினும் பெருங்கௌசிகனார் வழியின் இடர்களை மறைக்கவில்லை. பன்றிகளைப் பிடிக்க வைத்த கற்பொறிகள், பாம்பு உறையும் இடங்கள், தினைப்புனம் காப்போர் யானைகளை விரட்டக் கவணில் எறியும் கற்கள், வழுக்கும் நீர்நிலை ஓரங்கள் ஆகியவற்றை எடுத்துரைத்து, ஒவ்வோரிடத்தும் எவ்வாறு செல்ல வேண்டும் என்றும் கூறுகிறார்.

காரணம் தெளிவானது. அப்பாட்டைக் கேட்கும் கூத்தர் அவ்வழியே நடக்கப் போகிறவர். குடும்பத்தோடும் இசைக்கருவிகளோடும் செல்பவர். பொறி இருக்கும் இடத்தைச் சொல்லாத புகழுரையால் அவருக்குப் பயன் இல்லை. புகழ்ச்சியும் உண்மையும் ஒன்றோடொன்று பகைத்தவை அல்ல என்பதை இதனால் அறிகிறோம். நடக்கப் போகிறவரை மனத்தில் கொண்டு எழுதினால் இரண்டும் ஒரே பாட்டில் இடம்பெறும்.

9. பதிவு செய்யும் பயன்

இறுதியாக, செக் ஜாவாவைப் பற்றி ஒன்று கூறுதல் பொருந்தும். உபினின் கிழக்கு முனையிலுள்ள அக்கரையில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் ஒன்று இருந்தது. 2001இல் இயற்கை ஆர்வலரும் தன்னார்வலரும் நீர் வற்றிய வேளைகளில் அங்கு நடந்து, எந்த இடத்தில் எந்த உயிர் வாழ்கிறது என்பதைப் பார்த்துப் பதிவு செய்தனர். பொதுமக்களும் தம் கருத்துகளை அரசுக்கு எழுதினர். அவ்வாண்டு டிசம்பரில் அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் அங்கு நடைபாலம் திறக்கப்பட்டது. இன்று மாணவர் நின்று பார்ப்பது அந்த நடைபாலத்தின் மீதுதான்.

எழில்மிகு கடற்கரை என்று மட்டும் எழுதியிருந்தால், அங்கு இழக்கப்படவிருந்தது எது என்று எவர்க்கும் தெரிந்திராது. எழில்மிகு கடற்கரைகள் எங்கும் உள்ளன. இந்தக் கரையில் இன்ன உயிர்கள் உள்ளன என்று கண்டவர் எழுதியபோதுதான் அது வேறு எதனாலும் ஈடுசெய்ய இயலாத இடம் என்பது விளங்கியது.

தேர்வில் மனப்பாடத் தொடர்களே மதிப்பெண் தரும் என்னும் அச்சம் மாணவரிடம் உள்ளது. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பல ஆண்டுகளாக நாம் அவற்றிற்குச் சிவப்பு மையால் ‘நன்று’ என்று எழுதி வந்துள்ளோம். அந்தச் சொல்லை இனி எங்கே எழுதுவது என்பதில் மாற்றம் தொடங்கலாம். எழில்மிகு தீவு என்னும் தொடரின் அருகே அன்று; “அங்கு யார் இருந்தார் என்று கேட்கவில்லை” என்பது போன்ற ஒரு வாக்கியத்தின் அருகே.